முகத்துக்கு எத்தனை மில்லிமீட்டர்?

பள்ளி ஆண்டு மலர் கைக்கு வந்ததும் மாணவர்கள் முதலில் புரட்டுவது குழுப் படங்கள் உள்ள பக்கங்களைத்தான். தலையங்கமும் வாழ்த்துரையும் பிறகு. தன் முகம் எங்கே, தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடுவார்கள். வீட்டில் அம்மாவும் பாட்டியும் அதையேதான் செய்வார்கள். முகம் தெரியாமல் போனாலோ, தன் பெயர் பக்கத்தில் நிற்பவனுக்குப் போயிருந்தாலோ, அந்தப் பிள்ளையின் அளவில் அந்த மலர் தோற்றுவிட்டது. ஆனால் மலர்க் குழுவின் மெய்ப்புத் திருத்தம் பெரும்பாலும் கட்டுரை, கவிதைகளோடு நின்றுவிடுகிறது. படப் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து, ‘அழகாக இருக்கிறது’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தையும் ஒரு கட்டுரையைப் போலவே வரிவரியாகப் படித்துத் திருத்த முடியும். அதற்கு ஒரு முறை இருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு பக்கத்தை வைத்துக்கொள்வோம். ஏ4 அளவு. ஓரங்கள் போக அச்சுக்குக் கிடைக்கும் இடம் 18 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம். அதில் எட்டுப் படங்கள், வரிசைக்கு இரண்டாக நான்கு வரிசைகள். ஒவ்வொன்றும் 8.7 செ.மீ. அகலம், 5.5 செ.மீ. உயரம். ஆசிரியர் குழு, நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர் சாரணியர், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், கபடி அணி, விநாடி வினாவில் வென்றவர்கள், அறிவியல் கண்காட்சி, மரக்கன்று நடும் விழா. டிடிபி செய்பவர் கணினித் திரையில் காட்டும்போது பக்கம் நிறைவாக, ஒழுங்காக இருக்கிறது. எட்டுப் பெட்டிகளும் ஒரே அளவு என்பதால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை என்றும் தோன்றுகிறது.

இப்போது படங்களை விட்டுவிட்டு முகங்களை அளந்து பாருங்கள்.

நெற்றி மேலிருந்து மோவாய் வரை ஒரு முகத்தின் உயரம் ஏறக்குறைய 18 செ.மீ. தோளோடு தோள் நின்றால் ஒருவருக்கு 35 முதல் 40 செ.மீ. அகலம் வேண்டும். அதாவது, வரிசையில் ஒருவர் அடைக்கும் அகலத்தில் பாதிதான் அவர் முகத்தின் உயரம். இதிலிருந்து எளிய கணக்கு ஒன்று கிடைக்கிறது. படம் அச்சாகும் அகலத்தை, மிக நீளமான வரிசையில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்த விடையைப் பாதியாக்கினால் முகத்தின் உயரம் வந்துவிடும். துல்லியமான அளவு இல்லை என்றாலும் பக்கத்தைத் திருத்த இது போதும்.

நாட்டு நலப்பணித் திட்டப் படத்தில் ஆசிரியர்கள் இருவரையும் சேர்த்து 50 பேர். மூன்று வரிசைகள்: 16, 18, 16. நீளமான வரிசையில் 18 பேர். 87 மி.மீட்டரை 18 ஆல் வகுத்தால் ஒருவருக்கு 4.8 மி.மீ. பாதி 2.4 மி.மீ. ஓர் அரிசியின் நீளத்தில் பாதியைவிடக் குறைவான இடத்தில் ஒரு பிள்ளையின் முகம். இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தில் 30 பேர், வரிசைக்கு 15. முகம் 3 மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆசிரியர்கள் 28 பேர், வரிசைக்கு 14. முகம் 3 மி.மீ. சாரணர்கள் 24 பேர், வரிசைக்கு 12, முகம் 3.6 மி.மீ. கபடிப் படத்தில் உடற்கல்வி ஆசிரியரோடு 13 பேர், நிற்பவர்கள் 7. முகம் 6 மி.மீ. விநாடி வினாப் படத்தில் மாணவிகள் இருவரும் தலைமை ஆசிரியரும் மட்டும். முகம் 14 மி.மீ.

எட்டுப் பெட்டிகளும் சமம்தான். ஆனால் ஒரு மாணவியின் முகம் இன்னொரு மாணவியின் முகத்தைப்போல் ஆறு மடங்கு. குழுப் படப் பக்கத்தின் அடிப்படைக் குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இடத்தைப் படங்களுக்குப் பங்கிட்டுவிடுகிறோம். பங்கிட வேண்டியது முகங்களுக்கு.

எவ்வளவு சிறிதாகப் போகலாம் என்பதற்கு அச்சே ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஆஃப்செட் அச்சில் படம் சிறுசிறு மைப்புள்ளிகளாகத்தான் தாளில் விழுகிறது. மலர்களுக்கு வழக்கமான அங்குலத்துக்கு 150 வரி என்ற அளவில், ஒரு மி.மீட்டருக்கு ஆறு புள்ளிகள். கண்ணின் அகலம் முக உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. 2.4 மி.மீ. முகத்தில் கண் 0.4 மி.மீ. ஆக, ஒரு கண்ணுக்குக் கிடைப்பது இரண்டே புள்ளிகள். இரண்டு புள்ளிகளில் கண் வராது. ஒரு கறைதான் வரும். 5 மி.மீ. முகத்தில் கண்ணுக்கு ஐந்து புள்ளிகள் கிடைக்கின்றன, ஆளை அடையாளம் காண முடிகிறது. அதனால் 5 மி.மீட்டரைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. 6 அல்லது 7 கிடைத்தால் நிறைவு. அதற்குக் கீழே போனால் பெயர் போட்டும் பயனில்லை. எந்தப் பெயர் எந்த முகம் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

திரையில் பார்த்து இதைத் தீர்மானிக்கக் கூடாது. திரையில் யாரும் பக்கத்தை உள்ளது உள்ளபடியான அளவில் பார்ப்பதில்லை. விரலாலோ மவுஸாலோ பெரிதாக்கித்தான் பார்க்கிறோம். பக்கத்தை 100 விழுக்காடு அளவில் ஒரு தாளில் அச்செடுத்து, புத்தகம் படிக்கும் தூரத்தில் பிடியுங்கள். பின்வரிசையில் உள்ள மூவரை அவர்களோடு படிக்கும் ஒருவரால் தயங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் படத்துக்கு இடம் போதவில்லை.

இடம் போதாதபோது பலரும் முதலில் நாடுவது வெட்டுவதை. மேலே வானம், கீழே மண்தரை, பின்னால் பள்ளிக் கட்டடத்தின் மாடி. எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் முகம் பெரிதாகும் என்று நினைக்கிறோம். வரிசை படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நிறைந்திருந்தால், மேலும் கீழும் எவ்வளவு வெட்டினாலும் முகம் ஒரு மி.மீ. கூடப் பெரிதாகாது. அகலம்தான் முகத்தைத் தீர்மானிக்கிறது. ஆனாலும் அந்த வெட்டு வீணில்லை. 5.5 செ.மீ. உயரம் பிடித்த படம் 3 செ.மீட்டரில் முடிந்துவிடும், மிச்சமான உயரத்தை வைத்து அதே படத்தை முழு அகலத்துக்கு விரிக்கலாம். பக்கவாட்டில் காலி இடம் இருந்தால் அதை வெட்டும்போதுதான் முகம் நேரடியாக வளர்கிறது. வெட்டும் இடமும் முக்கியம். முழங்காலுக்குச் சற்று மேலே வெட்டலாம், இடுப்பில் வெட்டலாம். கணுக்காலில் வெட்டினால் பார்க்க உறுத்தும். தரையில் அமர்ந்திருப்பவர்கள் இருந்தால் அவர்கள் பாதம் வரை வைத்தே ஆக வேண்டும்.

இன்னொரு வழியைப் பார்த்தால் மனம் நோகும். கிடைத்த பெட்டிக்குள் படத்தை அடக்க, ஒரு பக்கமாக இழுத்து நீட்டிவிடுவது. முகங்கள் அகன்று, எல்லோரும் குட்டையாகத் தெரிவார்கள். அவசரத்தில் இது கண்ணில் படாமல் போகலாம். சட்டைப்பையில் உள்ள வட்டமான பள்ளிச் சின்னத்தையோ, சுவரில் உள்ள கடிகாரத்தையோ பாருங்கள். வட்டம் முட்டை வடிவத்தில் இருந்தால் படத்தை இழுத்திருக்கிறார்கள். மூலப் படத்திலிருந்து மறுபடி வைக்கச் சொல்லுங்கள்.

இனி நம் பக்கத்தைப் பிரித்து அடுக்கலாம். எட்டுப் படங்களில் எவை ஒன்றோடொன்று சேரும்? நாட்டு நலப்பணி, சாரணர், இளஞ்செஞ்சிலுவை மூன்றும் தொண்டு சார்ந்த அமைப்புகள். மூன்றிலும் கூட்டம் அதிகம். கபடி, விநாடி வினா, அறிவியல் கண்காட்சி மூன்றும் போட்டிகளும் திறன்களும். இவற்றில் ஆட்கள் குறைவு. ஆசிரியர் குழு இரண்டோடும் சேராது. அது மலரின் தொடக்கத்தில், தலைமை ஆசிரியரின் உரையை ஒட்டி வர வேண்டியது. மரக்கன்று நடும் படம் குழுப் படமே இல்லை. அது ஒரு நிகழ்ச்சியின் படம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஆண்டறிக்கையில் அந்த நாளைப் பற்றி எழுதியிருக்கும் பத்திக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஆட்கள் நேராகப் பார்த்து நிற்கும் படத்தையும், வேலை நடக்கும் படத்தையும் கலந்து அடுக்கும்போது இரண்டும் மங்கிவிடுகின்றன.

முதல் பக்கத்தில் தொண்டு அமைப்புகள் மூன்று மட்டும். நாட்டு நலப்பணிப் படத்துக்கு 18 செ.மீ. முழு அகலமும் கொடுக்கிறோம். ஒருவருக்கு 10 மி.மீ., முகம் 5 மி.மீ. எல்லையைத் தொட்டுவிட்டது. மேலும் கீழும் வெட்டியபின் உயரம் 5.5 செ.மீ. அடுத்து இளஞ்செஞ்சிலுவை, அதே முழு அகலம். முகம் 6 மி.மீ., உயரம் 6 செ.மீ. சாரணர் படத்துக்கும் முழு அகலம் கொடுத்தால் முகம் 7.5 மி.மீ. ஆகிவிடும், மற்ற இரண்டையும்விடத் தூக்கலாகத் தெரியும். அதனால் அதை 13 செ.மீ. ஆகக் குறைக்கலாம். முகம் 5.4 மி.மீ. பக்கத்தில் மீதமுள்ள 4.5 செ.மீ. பத்தியில் 24 பெயர்களும், வரிக்கு இரண்டாக, அழகாக அமர்ந்துவிடும். மூன்று படங்களிலும் முகங்கள் ஏறக்குறைய ஒரே அளவு. பெட்டிகள் வேறு வேறு அளவில் இருப்பது பார்ப்பவரை உறுத்தாது. முகங்கள் சமமாக இருந்தால் பக்கம் தானாகவே அமைதியாகத் தெரியும்.

போட்டிப் படங்களுக்கு அரைப் பக்கம் போதும். கபடி அணி 8.7 செ.மீட்டரிலேயே இருக்கலாம், 6 மி.மீ. முகம் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. விநாடி வினாப் படத்தை 5 செ.மீட்டருக்குச் சுருக்கினாலும் முகம் 8 மி.மீ. வருகிறது. மூன்று பேருக்கு இத்தனை சிறிய படமா என்று வருத்தம் வரலாம். வென்றதை எழுத்தில் தெளிவாகச் சொல்லுங்கள், பெரிய முகம் அதற்கு ஈடாகாது. அறிவியல் கண்காட்சியில் மட்டும் கணக்கு மாறும். அங்கே பார்க்க வேண்டியது நான்கு மாணவர்களை மட்டும் அன்று, அவர்கள் செய்த மாதிரியையும்தான். அதனால் அதற்கு 8 செ.மீ.

மலரில் ஒரு பக்கத்தை நினைத்தபடி கூட்ட முடியாது என்ற பேச்சு இங்கே வரும். உண்மைதான். அச்சகத்தில் பக்கங்கள் 8 அல்லது 16 கொண்ட ஃபாரங்களாக ஓடுகின்றன. ஒன்றரைப் பக்கம் கூடுதலாக வேண்டுமென்றால் உள்ளே எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். வாழ்த்துரைகளைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு முழுப் பக்கம், மேலே கடிதத்தலைப்பு, நடுவில் ஐந்து வரி, கீழே கையொப்பம் என்று பல பக்கங்கள் போயிருக்கும். இரண்டு வாழ்த்துரைகளை ஒரு பக்கத்தில் வைத்தால் யாருடைய மதிப்பும் குறைந்துவிடாது. அப்படி மிச்சமாகும் பக்கத்தில் ஐம்பது பிள்ளைகளின் முகம் தெரியும்.

படத்தின் அகலம் சரியானபின் ஓரங்களைக் கவனிக்க வேண்டும். அச்சடித்தபின் தாளை வெட்டும்போது கத்தி ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே வரலாம். படத்தைத் தாளின் விளிம்பு வரை விட்டிருந்தால் வரிசைக் கடைசியில் நிற்பவரின் தோளும் காதும் போய்விடும். விளிம்பிலிருந்து முகம் குறைந்தது 10 மி.மீ. உள்ளே இருக்கட்டும். படத்தை முட்டை வடிவத்தில் வெட்டுவது, ஓரங்களைப் புகைபோல மங்கலாக்குவது இரண்டையும் குழுப் படத்தில் அறவே தவிர்க்க வேண்டும். அந்த அலங்காரத்தில் காணாமல் போவது எப்போதும் வரிசையின் இரு கடைசியிலும் நிற்கும் பிள்ளைகள்தான். படத்தை இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து விரித்துப் போட்டால் நடு மடிப்பில் சிக்கல் வரும். பசை போட்ட பைண்டிங்கில் மடிப்புக்கு இருபுறமும் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. கண்ணுக்கு எட்டாது. குழுப் படத்தில் சரியாக நடுவில் அமர்ந்திருப்பவர் தலைமை ஆசிரியர். விரித்துப் போட்டால் மடிப்புக்குள் போவதும் அவர்தான்.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. மைப்புள்ளி தாளில் விழுந்ததும் சற்றே பரவும், அதனால் திரையில் பார்த்ததைவிட அச்சில் படம் இருண்டே வரும். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் இது குறைவு, மேப்லித்தோ தாளில் அதிகம். நம் பிள்ளைகளின் மாநிறமும் கருநிறமும் இந்த இருளில் விவரம் இழந்துவிடுகின்றன. உச்சி வெயிலில் எடுத்த படமாக இருந்தால் கண்குழிகளில் நிழல் வேறு. படத்தின் இருண்ட, நடுத்தரச் சாயல்களை அச்சுக்கு முன்பே சற்று ஏற்றிவைக்கச் சொல்ல வேண்டும். எல்லோரையும் வெளுப்பாக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அது வேறொரு அநியாயம். கன்னத்துக்கும் தலைமுடிக்கும் நடுவில் வேறுபாடு தெரிந்தால் போதும்.

படக்குறிப்புக்கு வருவோம். நம் பக்கத்தில் ஐம்பது பேர் படத்தின் கீழே இப்படி இருந்தது என்று வையுங்கள்: ‘எங்கள் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவ மணிகள், தலைமை ஆசிரியர் அவர்கள் மற்றும் திட்ட அலுவலர் அவர்களுடன் எடுத்துக்கொண்ட குழுப் புகைப்படம்.’ இது படம் என்பதும், குழு என்பதும், எங்கள் பள்ளி என்பதும் பார்ப்பவருக்குத் தெரியும். தெரியாதது பெயர்கள் மட்டுமே. அவைதான் இல்லை. மாற்றி எழுதினால்: ‘நாட்டு நலப்பணித் திட்டம், 2024–25. அமர்ந்திருப்பவர்கள் (இடமிருந்து வலம்):’ என்று தொடங்கிப் பெயர்கள், ‘நடுவரிசை:’ பெயர்கள், ‘பின்வரிசை:’ பெயர்கள். அமைப்பின் பெயரும் வரிசைப் பெயர்களும் தடித்த எழுத்தில், மற்றவை சாதாரண எழுத்தில். கண் தேடி வரும்போது பிடித்துக்கொள்ள அந்தத் தடித்த சொற்கள் உதவும். முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போவதா, மேலிருந்து கீழே வருவதா என்பதில் எதுவும் சரிதான். ஆனால் மலர் முழுக்க ஒரே முறை இருக்க வேண்டும்.

ஐம்பது பெயர்களுக்கு இடம் ஏது என்று தயங்க வேண்டாம். 8 புள்ளி எழுத்தில், 18 செ.மீ. வரியில், ஒன்பது பெயர்கள் வரை அடங்கும். ஆறு வரிகள், ஏறக்குறைய 2.2 செ.மீ. உயரம். அவ்வளவுதான். இடத்தைத் தின்பது பெயர்களைச் சுற்றியுள்ள சொற்கள். மாணவர் பெயர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் செல்வன், செல்வி போட்டால் ஐம்பது முறை அதே சொல். ஆசிரியர் பெயர்களுக்குப் பின்னால் எம்.எஸ்சி., பி.எட்., எம்.ஃபில். என்று பட்டங்களைச் சேர்த்தால் 28 பேர் படத்தின் குறிப்பு இரு மடங்காகும். பட்டங்களை ஆசிரியர் பட்டியல் பக்கத்தில் போடலாம். படக்குறிப்பில் திரு., திருமதி இருந்தால் போதும்; அதுவும் எல்லோருக்கும் இருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். ஒருவருக்கு மட்டும் ‘அவர்கள்’ சேர்ந்தால் மற்றவர்கள் அதைக் கட்டாயம் கவனிப்பார்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை தலைப்பெழுத்து. வரி முடிவில் ‘மு.’ நின்று, அடுத்த வரியில் ‘கவிதா’ தொடங்கினால், படிப்பவர் அந்த ‘மு.’வை முந்தைய பெயரோடு சேர்த்துவிடுவார். தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில் பிரியாத இடைவெளி போடும்படி டிடிபி செய்பவரிடம் சொன்னால் இது தீர்ந்துவிடும். ஒரே படத்தில் இரண்டு கவிதா இருந்தால் தலைப்பெழுத்துதான் அவர்களைப் பிரிக்கிறது. தலைப்பெழுத்தும் ஒன்றாக இருந்தால் அந்த இருவருக்கு மட்டும் வகுப்பையும் பிரிவையும் சேருங்கள்.

பெயர்ப் பட்டியலை ஆங்கிலத்தில் வாங்கித் தமிழில் மாற்றித் தட்டச்சு செய்வது இன்னொரு பொறி. வள்ளி வல்லியாவாள், வாணி வானியாவாள், கலா காலா ஆகிவிடுவாள். தட்டச்சு செய்பவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது, அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் எழுதிய வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வகுப்பாசிரியரின் வேலை.

குறிப்பு எந்தப் படத்துடையது என்பது இடைவெளியில் இருக்கிறது. படத்துக்கும் அதன் குறிப்புக்கும் நடுவில் 2 மி.மீ., குறிப்புக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 6 மி.மீ. என்று வைத்தால் யாருக்கும் குழப்பம் வராது. இரண்டும் சமமாக இருந்தால் குறிப்பு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்று தெரியாமல் நிற்கும். நான்கு படங்களுக்குச் சேர்த்து ஒரு மூலையில், ‘மேலே இடது, மேலே வலது’ என்று எழுதும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. வீட்டில் படத்தைக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டுகிறவர்கள் உண்டு. குறிப்பும் கூடவே வர வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பெயர்கள் தவறான முகங்களுக்குப் போகலாம். அதைக் கண்டுபிடிக்க முதலில் தலைகளை எண்ணுங்கள். வரிசை வரிசையாக, பென்சில் முனையால் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணி, அந்த வரிசையின் பெயர்களையும் எண்ண வேண்டும். 18 தலை, 17 பெயர் என்றால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 16 பெயர், 15 தலை என்றால் யாரோ ஒருவர் முன்னால் நிற்பவரின் தலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறார், அல்லது படமெடுத்த அன்று வரவில்லை. வராதவர் பெயர் வரிசைக்குள் இருந்தால் அவருக்குப் பின்னால் உள்ள எல்லாப் பெயர்களும் ஒரு முகம் தள்ளிப் போய்விடும். அவர் பெயரை எடுத்துக் குறிப்பின் கடைசியில் ‘படத்தில் இல்லாதவர்’ என்று போடுங்கள். பழைய ஸ்டூடியோக்காரர்கள் இதற்கு அழகான வழி ஒன்று வைத்திருந்தார்கள். வராதவரின் முகத்தைத் தனியே எடுத்து, படத்தின் மேல் மூலையில் வட்டத்துக்குள் பொருத்துவார்கள். இப்போதும் அதைச் செய்யலாம். அந்த மாணவருக்கு அது பெரிய விஷயம்.

மொத்த எண்ணிக்கை சரி என்பதோடு நிறுத்தவும் கூடாது. 16, 18, 16 என்பது பட்டியலில் 17, 17, 16 என்று இருந்தாலும் மொத்தம் 50தான் வரும்.

அடுத்து, படம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செல்போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்ததாலோ, பக்கத்துக்கு ஏற்றபடி இருக்கட்டும் என்று திருப்பியதாலோ, படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கலாம். பெயர்கள் எல்லாம் தலைகீழாகிவிடும். சட்டைப்பையும் அதில் குத்திய சின்னமும் இடது மார்பில் இருக்கும். எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது வலப்புறம் தெரிய வேண்டும். ஆசிரியைகளின் முந்தானை இடது தோளில் விழும், அதுவும் நமக்கு வலப்புறம். இரண்டும் இடப்புறம் தெரிந்தால் படத்தைத் திருப்பியிருக்கிறார்கள். பின்னால் பள்ளிப் பெயர்ப் பலகை இருந்தால் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

படம் சரியாக இருந்து பட்டியல் திரும்பியிருப்பதும் நடக்கும். பெயர் எழுதியவர் வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தாலோ, மாணவர்கள் தங்களுடைய இடப்புறத்திலிருந்து சொல்லியிருந்தாலோ அப்படி ஆகும். படக்குறிப்பின் இடம் பார்ப்பவரின் இடம். ஒவ்வொரு வரிசையிலும் முதல் பெயர், கடைசிப் பெயர், நடுவில் ஒன்று என மூன்று முகங்களை வகுப்பாசிரியரிடம் காட்டி, பெயரைச் சொல்லாமல் யார் என்று கேளுங்கள். மூன்றும் பொருந்தினால் அந்த வரிசை பெரும்பாலும் சரி. ஓரங்கள் இரண்டும் இடம் மாறி, நடு மட்டும் பொருந்தினால் பட்டியல் திரும்பியிருக்கிறது. ஓரம் சரி, நடு தவறு என்றால் இடையில் இருவர் இடம் மாறி நின்றிருக்கிறார்கள். கடைசிப் பெயரிலிருந்து முதல் பெயருக்கு, பின்னோக்கிப் படித்துப் பார்ப்பதும் உதவும். முன்னோக்கிப் படிக்கும்போது பழக்கத்தில் நழுவும் பிழைகள் அப்போது தட்டுப்படும்.

சில படங்களைப் பக்கத்தில் வைத்து எதுவும் செய்ய முடியாது. ஐம்பது பேரை மூன்று வரிசையில் நிறுத்தியதால்தான் நாட்டு நலப்பணிப் படத்தில் முழு அகலத்திலும் 5 மி.மீட்டருக்கு மேல் வரவில்லை. அதே ஐம்பது பேர் பள்ளி மாடிப்படியில் பத்துப் பத்துப் பேராக ஐந்து படிகளில் நின்றிருந்தால் 18 செ.மீட்டரில் முகம் 9 மி.மீ. வந்திருக்கும். 12 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கினாலும் 6 மி.மீ. கிடைக்கும். பின்வரிசையில் நிற்பவர் முன்னால் உள்ள இருவரின் தோள்களுக்கு இடையே நிற்க வேண்டும், நேர் பின்னால் நிற்கக் கூடாது. செல்போனில் எடுப்பவர் மிக அருகில் நின்றால் ஓரத்தில் உள்ளவர்கள் அகன்று தெரிவார்கள். பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் அது குறையும். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 18 பேர் வரிசையில் ஒரு முகத்துக்கு 45 பிக்சல்கூடக் கிடைக்காது. ஆவணமாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும்.

பெயர் எழுதிக்கொள்ள நோட்டும் பேனாவும் வேண்டியதில்லை. படம் எடுத்து முடிந்ததும் யாரையும் கலைய விடாமல், எடுத்தவர் நின்ற இடத்திலிருந்தே செல்போனில் வீடியோவை ஓட்டச் சொல்லுங்கள். முன்வரிசையின் இடது ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொருவரும் தலைப்பெழுத்தோடு பெயரையும் வகுப்பையும் சொல்லிக்கொண்டே வரட்டும். ஐம்பது பேருக்கும் சில நிமிடங்கள் போதும். முகமும் பெயரும் வரிசையும் ஒன்றாகப் பதிவாகிவிடும். மூன்று மாதம் கழித்து மலர் அச்சுக்குப் போகும்போது, பின்வரிசையில் ஏழாவதாக நிற்பது யார் என்ற கேள்வி வந்தால், அந்த வீடியோவை ஓட்டிப் பார்த்துக் குறிப்பைத் திருத்தலாம்.